ரெண்டு பேருக்கும் பொதுவான வேலைல தகராறு வந்தா எப்படிப் பேசி முடிக்கிறது: ஒரு குடோன் அனுபவம், படிப்படியா

நான் மதுரைல ஒரு பைப், பிளம்பிங் சாமான் மொத்த வியாபாரக் கடைல வேலை பாக்குறேன், குடோன் ரிங் ரோடு பக்கம். போன வருசம் என்னைய மேனேஜரா போட்டாங்க, போட்ட ரெண்டாவது மாசமே பில்லிங் அக்காவுக்கும் டெஸ்பாட்ச் அண்ணனுக்கும் பெரிய சண்டை. ரெண்டு பேருமே என்னைவிட சீனியர், ரெண்டு பேருமே நல்ல வேலைக்காரங்க. பேசி முடிக்கிறதுக்கு எனக்கு கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆச்சு, அதுல மொத ரெண்டு வாரம் நான் பண்ணதெல்லாம் தப்பு. புதுசா டீம் லீடர், சூப்பர்வைசர்னு உக்காந்திருக்கவங்க அந்த ரெண்டு வாரத்த வீணாக்க வேணாம்னுதான் இத எழுதுறேன்.

மொதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன், அப்பத்தான் கீழ வர்ற படியெல்லாம் புரியும்.

எங்க சொந்த வண்டில கம்பத்துக்கு ஒரு லோடு. சரக்கு 1,40,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 25,200, ஆக பில்லு 1,65,200. தமிழ்நாட்டுக்குள்ள 1 லட்சத்துக்கு மேல சரக்கு போனா இ-வே பில் வேணும், சரக்கு ரோட்டுல போறதுக்கு ஆன்லைன்ல எடுக்குற ஜிஎஸ்டி தாள் அது. அதுல ரெண்டு பாகம் இருக்கு, பார்ட் ஏ-ல பில் விவரம், பார்ட் பி-ல வண்டி நம்பர். திங்கக்கிழமை சாயங்காலம் 5:10-க்கு அக்கா பார்ட் ஏ போட்டு ஸ்லிப்ப எடுத்து வச்சிட்டு 6 மணிக்குக் கிளம்பிட்டாங்க. வண்டி சிவகங்கைல இருந்து திரும்பி வந்ததே ராத்திரி 8:20. லோடு ஏத்தி முடிச்சு அண்ணன் 9:42-க்கு வாட்ஸாப் குரூப்ல வண்டி நம்பர் பிளேட்ட போட்டோ எடுத்துப் போட்டுட்டாரு. செவ்வாக்கிழமை வெள்ளன 5:15-க்கு டிரைவர் அந்த ஸ்லிப்ப எடுத்துக்கிட்டு கிளம்பியாச்சு. அக்கா குரூப்பப் பாத்தது 7:30-க்கு. அதுக்குள்ள உசிலம்பட்டி தாண்டி செக்கிங்ல வண்டி நின்னுடுச்சு. பார்ட் பி இல்லாத ஸ்லிப் ரோட்டுல செல்லாது. அபராதம் வரித் தொகைல ரெண்டு மடங்கு, அதாவது 50,400 ரூபா.

அண்ணன் சொன்னது: "பில்லு போடுறவுக முழுசாப் போட்டுட்டுத்தான் போகணும்." அக்கா சொன்னது: "வண்டி நம்பரே வராம நான் எதப் போட? வண்டி அனுப்புறவர்தான் பாத்து அனுப்பணும்." அன்னைல இருந்து ரெண்டு பேரும் நேர்ல பேசுறதில்ல, லோடுமேன் தம்பிங்க மூலமா தாள் போயிட்டு வரும். முதலாளி ஆளுக்குப் பாதி 25,200 சம்பளத்துல பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டாரு.

## 1. இது பேசி முடிக்கிற விசயமான்னு மொதல்ல பாருங்க

வேலைய யார் செய்யணும்ங்குறதுல சண்டைன்னா நீங்க நடுவுல உக்காந்து பேசலாம். ஆனா சண்டைல சாதியச் சொல்லித் திட்டிருந்தாலோ, பொம்பளைப் பிள்ளைங்ககிட்ட அசிங்கமாப் பேசிருந்தாலோ, கை நீட்டிருந்தாலோ நீங்க சமாதானம் பேச உக்காரக் கூடாது. அது புகார். 10 பேரு, அதுக்கு மேல வேலை பாக்குற எடத்துல பாலியல் தொந்தரவு புகாருக்குன்னு உள் குழு கட்டாயம் இருக்கணும், அங்கதான் போகணும். "ஒரே எடத்துல வேலை பாக்குறீங்க, விட்டுருங்க"ன்னு நீங்க பேசி வச்சா பாதிக்கப்பட்டவங்க வாய நீங்களே அடைச்ச மாதிரி ஆயிரும்.

அதனால ரெண்டு பேருகிட்டயும் தனித்தனியா ஒரே ஒரு கேள்வி மொதல்ல கேட்டுருங்க: "வேலையத் தாண்டி உங்களக் கேவலமா ஏதாச்சும் பேசினாங்களா?" எங்க விசயத்துல இல்லைன்னு ரெண்டு பேருமே சொன்னாங்க, அதுக்கப்புறம்தான் நான் மேல போனேன்.

இன்னொண்ணு, உங்களுக்கு இதுல பங்கு இருக்கான்னு பாருங்க. பார்ட் பி யார் போடணும்னு யாருமே எழுதி வைக்கல, மேனேஜர்னு அத எழுதி வச்சிருக்க வேண்டியது நான்தான். அத ரெண்டு பேருகிட்டயும் முன்னாடியே சொல்லிட்டேன். சொல்லலன்னா உங்கள நடுவுல உள்ளவங்களா ஏத்துக்க மாட்டாங்க, "இவரும் தப்பிக்கப் பாக்குறாரு"ன்னுதான் நினைப்பாங்க.

## 2. சம்பளப் பிடித்தத்த மொத நாளே நிறுத்தி வைங்க

இத ஏன் இவ்வளவு முன்னாடி சொல்றேன்னா, காசு தலைக்கு மேல தொங்கும்போது எந்த மனுசனும் உண்மையச் சொல்ல மாட்டான். "ஆமா, நான் அன்னைக்கு மறந்துட்டேன்"ன்னு சொன்னா 25,200 போகும்னா யார் சொல்லுவா? நான் மொத தடவை பேசினப்ப ரெண்டு பேருமே வக்கீல் மாதிரிப் பேசினதுக்குக் காரணம் இதுதான்னு எனக்குப் பிந்தித்தான் புரிஞ்சது.

முதலாளிகிட்ட போயி ரெண்டு விசயம் சொன்னேன். ஒண்ணு, ஒருத்தரோட கவனக்குறைவால நேரடியா வந்த நட்டம்னு காட்ட முடிஞ்சாத்தான் பிடிக்கலாம், அதுவும் அவங்க விளக்கத்தக் கேட்டதுக்கு அப்புறம்தான், சட்டம் அப்படித்தான் இருக்கு. ஆளுக்குப் பாதின்னு சும்மா பிரிச்சுப் பிடிக்க முடியாது. ரெண்டாவது, ஒரு மாசம் டைம் குடுங்க, அதுக்குள்ள இது மறுபடி நடக்காத மாதிரி பண்ணிக் குடுக்குறேன். அவரு உடனே ஒத்துக்கல, ரெண்டு நாள் கழிச்சு "சரி, மாசக் கடைசி வரைக்கும் பிடிக்கல"ன்னாரு. அத ரெண்டு பேருக்கும் அவர் வாயாலயே சொல்ல வச்சேன், நான் சொன்னா நம்ப மாட்டாங்க.

## 3. பேசறதுக்கு முன்னாடி தாளச் சேருங்க

ஆள விசாரிக்கிறதுக்கு முன்னாடி வேலையப் பாருங்க. நான் மூணு வாரத்துக் கணக்கு எடுத்தேன், அதுக்கு ஒரு சாயங்காலம், ரெண்டரை மணி நேரம் ஆச்சு. எடுத்தது இவ்வளவுதான்:

- இ-வே பில் பிரிண்ட். இதுல பார்ட் ஏ போட்ட தேதி, நேரம் மேல இருக்கும். கீழ பார்ட் பி கட்டத்துல வண்டி நம்பர் பக்கத்துல "Entered Date"னு ஒரு காலம் இருக்கும், வண்டி நம்பர் எப்ப ஏறுச்சுன்னு அது சொல்லிடும்.
- வாட்ச்மேனோட கேட் ரிஜிஸ்டர், வண்டி வெளிய போன நேரத்துக்கு.
- வாட்ஸாப் குரூப் மெசேஜ், வண்டி நம்பர் எப்ப வந்துச்சுன்னு பாக்க.

மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதினேன். சொந்த வண்டில 1 லட்சத்துக்கு மேல போன லோடு மொத்தம் 19. அதுல 12-க்கு அக்கா கிளம்புறதுக்கு முன்னாடியே பார்ட் பி ஏறிடுச்சு. 4-க்கு ராத்திரி 9-ல இருந்து 10:30-க்குள்ள ஏறிருக்கு. 3 லோடு, வண்டி கேட்ட விட்டுப் போனதுக்கு அப்புறம்தான் ஏறிருக்கு. அந்த 3-ல ஒண்ணுதான் மாட்டின கம்பம் வண்டி.

இதப் பாத்ததும் எனக்கு ரெண்டு விசயம் தெளிவாச்சு. மாட்டினது ஒரு தடவைதான், ஆனா ஓட்டை மூணு தடவை இருந்திருக்கு, அதனால அன்னைக்கு யார் தப்புன்னு தோண்டுறதுல பிரயோஜனம் இல்ல. அந்த 4 ராத்திரி என்ன? அக்கா 6 மணிக்கே போயிடுறாங்களே, யார் போட்டது? இந்தக் கேள்விதான் பின்னாடி எல்லாத்தையும் திறந்து விட்டுச்சு.

சாயங்காலம் 6-க்கும் காலைல 5-க்கும் நடுவுல வண்டி நம்பர் முடிவானா அந்த வேலைக்கு ஆள் இல்ல, அவ்வளவுதான் பிரச்சனை. இதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. லாரி ஷெட்ல போடுற சரக்குக்கு, நம்ம எடத்துல இருந்து ஷெட் 50 கிலோமீட்டருக்குள்ள இருந்தா அதுவரைக்கும் பார்ட் பி தேவையில்ல, அதுக்கப்புறம் டிரான்ஸ்போர்ட்காரங்களே போட்டுக்குவாங்க. எங்க லோடுல பாதிக்கு மேல ஷெட் லோடு. அதனால "பார்ட் பி நம்ம வேலை இல்ல"ங்குற பழக்கம் ரெண்டு பேருக்குமே ஊறிப்போச்சு. சொந்த வண்டி போகும்போது மட்டும் அது நம்ம வேலை. வேலை ஒரே பேர்ல ரெண்டு மாதிரி இருந்தா தகராறு வராம என்ன செய்யும்.

## 4. தனித்தனியாப் பேசுங்க, சேத்து வச்சு ஆரம்பிக்காதீங்க

நான் பண்ண பெரிய தப்பு இதுதான். சண்டை நடந்த மறுநாளே ரெண்டு பேரையும் முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டு, அவர் முன்னாடியே "என்ன நடந்துச்சு, சொல்லுங்க"ன்னேன். பத்து நிமிசத்துல ரெண்டு பேரும் அஞ்சு வருசத்துப் பழசெல்லாம் எடுத்துட்டாங்க. கடைசில "சரி, இனிமே ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கங்க"ன்னு சொல்லி அனுப்பினேன். தயவுசெஞ்சு இந்த வார்த்தையச் சொல்லாதீங்க. சேந்து பாத்துக்கங்கன்னா, அவர் பாத்துக்குவாருன்னு இவங்களும் இவங்க பாத்துக்குவாங்கன்னு அவரும் நினைக்கிறதுக்கு நீங்களே லைசென்ஸ் குடுத்த மாதிரி. அடுத்த வாரமே இன்னொரு வண்டி பார்ட் பி இல்லாமப் போச்சு, நல்ல வேளை மாட்டல.

தனியாப் பேசறதுக்கு ஆளுக்கு 40 நிமிசம் ஒதுக்குங்க, ஒரே நாள்ல ரெண்டு பேரையும் முடிச்சிருங்க, இல்லாட்டி "அவங்க மொதல்ல போயி ஏத்திவிட்டுட்டாங்க"ன்னு ஆயிரும். எடம் முக்கியம். லோடுமேன் கண்ணுல படுற எடமும் டீக்கடையும் வேணாம். நான் அண்ணன்கிட்ட மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் குடோன் பின்பக்கம் பேசினேன். அக்காகிட்ட ஆபீஸ் ரூம்ல, கதவத் திறந்து வச்சு, அக்கவுண்ட்ஸ் அம்மா அந்தாண்ட டேபிள்ல இருக்கும்போதே, ஆனா காதுல விழாத தூரத்துல.

கேள்வி நாலு போதும். அந்த நாள் உங்களுக்கு எப்படிப் போச்சு? இந்த வேலைல எந்த எடத்துல உங்களுக்குக் கஷ்டம்? அவங்க என்ன செஞ்சா உங்களுக்கு லேசா இருக்கும்? நீங்க சொன்னதுல எத நான் அவங்ககிட்ட சொல்லலாம், எதச் சொல்லக் கூடாது? கடைசிக் கேள்விய விட்டுறாதீங்க, அவங்க "இத மட்டும் சொல்லாதப்பா"ன்னு சொன்னத ஒரு தடவ நீங்க மீறினா அதோட உங்க மத்தியஸ்தம் முடிஞ்சது. "யார் தப்பு", "ஏன் செய்யல"ங்குற ரெண்டையும் கேக்காதீங்க.

அக்காகிட்ட அந்த 4 ராத்திரியப் பத்திக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் சொன்னாங்க: "தம்பி, வீட்டுல இருந்து போன்லதான் போடுவேன். லாகின் முதலாளி பேர்ல இருக்கு, ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு ஓடிபி கேட்டா, இந்நேரத்துக்கு எதுக்கும்மா கூப்பிடுறன்னு ஒரு நாள் கத்திட்டாரு. அன்னைல இருந்து நான் கேக்குறதில்ல." திருமங்கலம் பஸ்ஸுக்காக 6 மணிக்கு ஓடுற அக்கா, யாரும் கேக்காம, சம்பளமும் இல்லாம ராத்திரில இந்த வேலைய பாத்திருக்காங்க, அதுவும் திட்டு வாங்கிக்கிட்டு. எங்க யாருக்குமே தெரியாது.

அண்ணன்கிட்ட, "ஏன்ணே, நீங்களே போன்ல வண்டி நம்பர ஏத்தினா என்ன?"ன்னு கேட்டேன். அவர் முகம் மாறிடுச்சு. "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு தடவ நான்தான் போட்டேன். நம்பர்ல ஒரு எழுத்து மாறிப்போச்சு. படிக்காத ஆள்ட்ட குடுத்தா இப்படித்தான்னு லோடுமேன் எல்லாம் நிக்கிறப்பவே சொன்னாய்ங்க. அந்தப் போன நான் இனி தொடுறதா இல்ல." இத அவர் அக்காகிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. எழுத்து சின்னதா இருக்கு, கண்ணு தெரியலங்குறத மட்டும் சொல்லிக்கன்னாரு.

பாருங்க, வெளிய சண்டை "அது என் வேலை இல்ல"ங்குறது. உள்ள ஒருத்தருக்கு ஓடிபி, இன்னொருத்தருக்குப் பட்ட அவமானம். ரெண்டுமே அவங்க ஒருத்தருக்கொருத்தர் செஞ்சது இல்ல.

## 5. சேந்து உக்காரதுக்கு முன்னாடி நீங்க முடிக்க வேண்டிய வேலை

தனிப்பேச்சுல வந்த விசயத்துல எதெல்லாம் அவங்க ரெண்டு பேரு கைல இல்லையோ அத நீங்க மொதல்ல முடிச்சிட்டு வாங்க. எங்களுக்கு ரெண்டு இருந்துச்சு.

மொதலாவது லாகின். இ-வே பில் போர்ட்டல்ல "User Management"னு ஒரு மெனு, அதுல துணை யூசர் உண்டாக்கலாம். ஒவ்வொரு துணை யூசருக்கும் அவங்கவங்க மொபைல் நம்பர் குடுத்தா ஓடிபி அவங்க போனுக்கே வந்துரும். முதலாளிகிட்ட "ராத்திரி உங்கள யாரும் கூப்பிட மாட்டாங்க"ன்னு சொன்னதும் அவரே உக்காந்து பண்ணிக் குடுத்துட்டாரு. செலவு ஒண்ணும் இல்ல. குடோனுக்குன்னு பெரிய ஸ்க்ரீன்ல ஒரு போன் வாங்கச் சொன்னேன், 9,000 ரூபா ஆச்சு. 50,400 கட்டினவருக்கு அது பெரிசாத் தெரியல.

ரெண்டாவது, ரெண்டு பேருக்குமே இருந்த தப்பான பயத்தப் போக்குனது. அக்கா, முன்கூட்டியே பார்ட் பி போட்டுட்டா காலைல வண்டி போறதுக்குள்ள பில்லோட கெடு முடிஞ்சிரும்னு நினைச்சிருந்தாங்க. அப்படி இல்ல. 200 கிலோமீட்டர் வரைக்கும் ஒரு நாள் கெடு, அந்த ஒரு நாள் மறுநாள் நடுராத்திரி 12 வரைக்கும். திங்கக்கிழமை சாயங்காலம் போட்டா செவ்வாக்கிழமை ராத்திரி வரைக்கும் செல்லும், கம்பம் 120 கிலோமீட்டர்தான் வரும், தாராளம். வண்டி மாறினா மறுபடி நம்பர மாத்திக்கலாம். அண்ணனுக்கு ஒரு எழுத்து மாறினா பெரிய அபராதம்னு பயம். மத்த தாளெல்லாம் சரியா இருந்து வண்டி நம்பர்ல ஒண்ணு ரெண்டு எழுத்து மட்டும் மாறிருந்தா 2018 செப்டம்பர்ல வந்த சர்க்குலர்படி மத்திய, மாநிலக் கணக்குல 500, 500, மொத்தம் 1,000 ரூபா. சுத்தமாப் போடாம விட்டாத்தான் 50,400. இத எங்க ஆடிட்டர்கிட்டயும் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். சண்டைக்கு நடுவுல இந்த மாதிரித் தகவல உங்க வாயால மட்டும் சொல்லாதீங்க, ரெண்டு பேரும் நம்புற ஒருத்தர் வாயால வரட்டும்.

## 6. சேந்து உக்காருறது

செவ்வாய், புதன் பாத்து வைங்க, லோடு கம்மியா இருக்க நாள். மாசக் கடைசி வேணாம், திருவிழா முன்னாடி வேணாம், சித்திரைத் திருவிழா வாரத்துல எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, ரோட்டையும் அங்கிட்டு இங்கிட்டு திருப்பி விட்டுருவாய்ங்க. ஒண்ணே கால் மணி நேரம் போதும். முதலாளி அந்த ரூம்ல இருக்கக் கூடாது. எதிர் எதிரா உக்கார வைக்காதீங்க, ரெண்டு பேரும் ஒரு பக்கமா, எதிர்ல நீங்க இல்ல, தாள். நான் சார்ட் பேப்பர் ஒட்டி வச்சேன்.

ஆரம்பிக்கும்போது நான் சொன்னது இதுதான்: "அக்கா, அண்ணே, அன்னைக்கு யார் தப்புன்னு இன்னைக்குப் பேசல. சொந்த வண்டி லோடு ஆர்டர்ல இருந்து கேட் வரைக்கும் எப்படிப் போகுதுன்னு எழுதப் போறோம். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் முடிக்கிற வரைக்கும் கேளுங்க."

அப்புறம் வேலையத் துண்டு துண்டா எழுதினோம். பில் போடுறது, பார்ட் ஏ போடுறது, எந்த வண்டின்னு முடிவு பண்றது, நம்பர அக்காவுக்குச் சொல்றது, பார்ட் பி ஏத்துறது, பிரிண்ட் எடுக்குறது, டிரைவர் கைல குடுக்குறது, கேட்ல பாக்குறது. எட்டு துண்டு. ஒவ்வொண்ணுக்கும் நேரா இப்ப யார் செய்றாங்கன்னு அவங்களே சொல்லச் சொன்னேன். ஆறு துண்டுக்கு ரெண்டு பேரும் ஒரே பேரச் சொன்னாங்க, ஒரு சண்டையும் இல்ல. ரெண்டே எடத்துலதான் ஆளாளுக்கு வேற பேர்: பார்ட் பி ஏத்துறது, கேட்ல பாக்குறது. அந்த ரெண்ட சிவப்பு ஸ்கெட்ச்ல வட்டம் போட்டேன். மூணு வாரமா மூஞ்சி பாக்காத ரெண்டு பேரும் ஒரே வட்டத்தப் பாத்தாங்க.

அப்பத்தான் அக்காவோட அனுமதியோட அந்த 4 ராத்திரிக் கணக்கச் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் தாளையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "வீட்டுக்குப் போயும் போட்டியாம்மா? எனக்குத் தெரியாதே தங்கச்சி"ன்னாரு. அக்கா உடனே, "நீங்க லோடு முடியிற வரைக்கும் ஒம்பதரை, பத்து வரைக்கும் நிக்கிறது எனக்கும் தெரியாதுண்ணே"ன்னாங்க. இத நான் சொல்லிக் குடுக்கல. தாள் சரியா இருந்தா இந்த மாதிரி எடம் தானா வரும், வரும்போது நீங்க பேசாம இருங்க, குறுக்க விழுந்து "பாத்தீங்களா"ன்னு சொல்லிக் கெடுத்துறாதீங்க.

நடுவுல ஒரு தடவ சத்தம் ஏறுச்சு, "நீங்க எப்பவுமே இப்படித்தான்"னு அக்கா ஆரம்பிச்சாங்க. "எப்பவுமே"ங்குற வார்த்தை வந்தா உடனே தாளுக்குக் கூப்பிடுங்க: "எந்த லோடுக்கா, 19-ல எதுன்னு காட்டுங்க." அதுக்கும் அடங்கலன்னா பத்து நிமிசம் பிரேக் விட்டு தனித்தனியாப் பேசிட்டு மறுபடி உக்காருங்க. ரெண்டாவது பிரேக்கும் தேவைப்பட்டா அன்னைக்கு நிறுத்திருங்க, வேற நாள் வைங்க.

இன்னொரு பொறி இருக்கு. இந்த நேரத்துல ரெண்டு பேருமே ஒத்துமையாகி "குடோன்ல செக்கிங் பாக்குற தம்பி போடட்டும்"னு மூணாவது ஆள் தலைல கட்டப் பாப்பாங்க. எங்களுக்கும் வந்துச்சு. அந்த ரூம்ல இல்லாத ஆளுக்கு வேலை எழுதாதீங்க, அது சண்டைய முடிக்கிறது இல்ல, எடம் மாத்துறது.

## 7. ஒரே பக்கத்துல எழுதுங்க

வாய்ப்பேச்சோட எந்திரிக்காதீங்க, அந்த எடத்துலயே எழுதுங்க, அவங்க சொன்ன வார்த்தைலயே. ஒரு வேலைக்கு ஒரு பேர், ஒரு நேரம், அந்த ஆள் இல்லைன்னா யாரு. நாங்க எழுதினது இப்படி:

1. மறுநாள் போற சொந்த வண்டி எதுன்னு சாயங்காலம் 5:30-க்குள்ள அண்ணன் முடிவு பண்ணி குரூப்ல எழுத்தாப் போடணும், போட்டோ மட்டும் போதாது.
2. 5:30-க்குள்ள நம்பர் வந்தா 6 மணிக்கு முன்னாடி பார்ட் பி போட்டு பிரிண்ட் எடுத்து வைக்கிறது அக்கா பொறுப்பு.
3. 5:30-க்கு மேல வண்டி முடிவானாலோ மாறினாலோ அண்ணன் பொறுப்பு. குடோன் போன்ல அவர் லாகின்ல ஏத்தணும். அக்காவுக்குப் போன் போடக் கூடாது.
4. ஏத்த முடியலைன்னா வண்டி வெள்ளன கிளம்பாது, அக்கா வந்து போட்டதுக்கு அப்புறம் காலை 9:45-க்குப் போகும். அதுக்கு யாரும் யாரையும் திட்டக் கூடாது.
5. பிரிண்ட்ல வண்டி நம்பரும் "Entered Date"உம் இல்லைன்னா வாட்ச்மேன் கேட் திறக்கக் கூடாது. வாட்ச்மேன்ட்ட இத சொல்றது மேனேஜர் பொறுப்பு.

நாலாவது வரிதான் ரொம்ப நேரம் எடுத்துச்சு. முதலாளிக்கு வண்டி தாமதமாப் போறது பிடிக்காது, ஆனா அந்த வரி இல்லைன்னா ராத்திரி எப்படியாச்சும் அனுப்பணும்னு மறுபடி அதே ஓட்டை வரும். அவர்கிட்ட நான் போயி கையெழுத்து வாங்கினேன். மூணு பேரும் கையெழுத்துப் போட்டு பில்லிங் டேபிள்லயும் குடோன் கதவுலயும் ஒட்டிட்டோம். அபராதக் காசு இந்தப் பக்கத்துல வரக் கூடாது, அது முதலாளி தனியா முடிவு பண்ண வேண்டியது. எங்க முதலாளி கடைசில பிடிக்கல, கடைக் கணக்குலயே எழுதிட்டாரு. உங்க முதலாளி வேற முடிவு எடுக்கலாம், அது நடந்தா ரெண்டு பேருக்கும் நீங்க நேர்ல, முன்கூட்டியே சொல்லுங்க.

## 8. எழுதின பிறகு பாக்க வேண்டியது

அண்ணனுக்கு போர்ட்டல் பழக மூணு சாயங்காலம் ஆச்சு. "Update Part B/Vehicle"ங்குற எடத்துக்குப் போற வழிய ஒரு அட்டைல படமா வரைஞ்சு போன் கவருக்குள்ள வச்சுக் குடுத்தேன். லோடுமேன் இல்லாத நேரமாப் பாத்து சொல்லிக் குடுத்தேன், அது ரொம்ப முக்கியம்.

மூணாவது நாள், ரெண்டாவது வாரம், ஆறாவது வாரம்னு மூணு தடவ உக்காருங்க, பத்து நிமிசம் போதும். ஆள எப்படி இருக்கீங்கன்னு கேக்காதீங்க, பழைய மாதிரியே பிரிண்டையும் கேட் ரிஜிஸ்டரையும் வச்சுப் பாருங்க. ஒப்பந்தம் உடையப் போகுதுன்னா அது மொதல்ல தாள்லதான் தெரியும். குரூப்ல நம்பர் 5:30-க்கு வராம 5:50, 5:55-னு நகரும், இல்லாட்டி அக்கா மறுபடி ராத்திரில போட ஆரம்பிப்பாங்க. ராத்திரி நேரம் தெரிஞ்சா "நல்ல மனசு"ன்னு பாராட்டி விட்டுறாதீங்க, அன்னைக்கே என்னன்னு கேளுங்க, ஏன்னா மூணாவது வரி வேலை செய்யலைன்னு அர்த்தம்.

ரெண்டாவது வாரத்துல எங்களுக்கு ஒரு மாத்தம் தேவைப்பட்டுச்சு. சனிக்கிழமை அக்கா 4 மணிக்கே கிளம்புவாங்க, அத நாங்க யோசிக்கவே இல்ல. சனிக்கு மட்டும் 5:30-ங்குறத 3:30-னு அடிச்சுத் திருத்தி பக்கத்துல மூணு பேரும் இனிஷியல் போட்டோம்.

ஆறாவது வாரம் வரைக்கும் சொந்த வண்டி லோடு 34 போயிருந்துச்சு. வண்டி கேட்ட விட்டதுக்கு அப்புறம் பார்ட் பி ஏறினது ஒண்ணு கூட இல்ல. 7 லோடு அண்ணன் லாகின்ல ராத்திரி ஏறிருந்துச்சு, 2 வண்டி காலைல 9:45-க்குத்தான் போச்சு. அந்த 2-ல ஒண்ணு போடிக்குப் போன லோடு, கஸ்டமர் போன் போட்டுச் சத்தம் போட்டப்ப, அண்ணன் பேசறதுக்கு முன்னாடி அக்காவே போன வாங்கி, "லேட்டானது எங்க ரூல்ங்க, அண்ணன் மேல தப்பு இல்ல"ன்னு சொன்னாங்க.